எந்த மிஸ்?

என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுத வேண்டும், அதுவும் 'அவர்' என்று யாரோ மூன்றாம் ஆள் எழுதுவது போல எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் கேரத் பில்லிங் சொன்னபோது எனக்கு வெட்கமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கையில் டோஸ்ட் இருந்தது. அதைத் தின்று முடித்தேன்.

"ஹேசல், இந்த வருஷம் மாவட்ட விருதுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து உங்க பேரத்தான் குடுக்கப் போறோம். சிறந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியர்! எப்படி?"

"யாரு முடிவு பண்ணா?"

"நாந்தான். யாரு பண்ணுவா? ஒரே ஒரு சின்ன உதவி. மூணு உதாரணம் வேணும். மூணு பிள்ளைங்க, அவங்ககிட்ட நீங்க கொண்டு வந்த மாற்றம், அதுக்கு ஆதாரம். நீங்க எழுதிக் குடுத்துட்டா நான் படிவத்துல போட்டுருவேன். உங்களப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்?"

கடைசி நாள் எப்போது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு என்றார். அன்று திங்கள். மூன்று வாரமாக அந்த மின்னஞ்சல் அவர் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அரைப்பருவ விடுமுறையில் அவர் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தார், பனி வெயிலில் சிவந்த முகத்தில் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பிப்ரவரி இருபத்தெட்டு. அந்தத் தேதி எனக்கு வேறொரு காரணத்தால் மனப்பாடம். எங்கள் நாட்டில் ஆசிரியர் நினைத்த நேரத்தில் வேலையை விட்டுவிட முடியாது. ஈஸ்டருக்குப் பிறகு வர வேண்டாம் என்றால் பிப்ரவரி கடைசி நாளுக்குள் கடிதம் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஆகஸ்ட் வரை மாட்டிக்கொண்ட கதைதான். என் கடிதம் கைப்பையில் டிஷ்யூ பொட்டலத்துக்குப் பின்னால் தயாராக இருந்தது. நான்கே வரி. ஐம்பத்தொரு வயதும் இருபத்தாறு வருட வேலையும் நான்கு வரிக்குள் அடங்கிவிட்டதே என்றுகூட எனக்கு வருத்தம் வரவில்லை.

என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் சாகவில்லை. என் கணவர் ஆலன் ஒழுங்காகத்தான் இருக்கிறார், நாய்கூட ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் ஒரு குழந்தை நாற்காலியிலிருந்து விழுந்து உதடு கிழிந்து என் முன்னால் அழுதது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். ஈரத்துணி வைத்தேன், விபத்துப் படிவத்தை நிரப்பினேன், தாயைக் கூப்பிட்டேன். மாலை வீட்டுக்கு வந்த பிறகுதான் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து இப்படித்தான். மரத்துப் போன கால் போல, ஆனால் நடக்க முடிகிறது. மருத்துவர் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார். அதில் கடற்கரையில் நடக்கச் சொல்லியிருந்தது. நான் ஃப்ளீட்வுட்டில் இருக்கிறேன், இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் கடற்கரைதான்.

சரி, உதாரணம்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்தேன். பிள்ளைகளின் பெயர் வரக்கூடாது, மாணவர் அ, ஆ, இ என்றுதான் குறிப்பிட வேண்டும் என்று விதி. மூன்றாம் வகுப்பிலிருந்து நானே கூட்டிவந்த என் நான்காம் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று பேரைச் சொல்லிவிடலாம். காஸ்பர், போலந்திலிருந்து வந்தவன். வந்து பதினாலு மாதம் பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாதவன், இப்போது பேசுகிறான். டார்சி, சோதனையில் அவள் வாசிப்பு வயது ஆறு வருடம் இரண்டு மாதத்தில் நின்றுபோயிருந்தது, ஒரே வருடத்தில் எட்டைத் தாண்டிவிட்டாள். ஜென்சன், கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். முன்பு வாரத்துக்கு ஒன்பது முறை, இந்தப் பருவத்தில் மொத்தமே இரண்டு முறை.

எண்கள் எல்லாம் கையில் இருந்தன. 'அவரது பொறுமையான அணுகுமுறையால்' என்று எழுதினேன். 'ஒவ்வொரு குழந்தைமீதும் அவர் காட்டும் தனிக்கவனத்தால்' என்று எழுதினேன். இருபத்தாறு வருடமாக மதிப்பெண் அட்டையில் பெற்றோருக்கு எழுதி எழுதிப் பழகிய கை, தானாக ஓடியது. படிவத்தின் கடைசிக் கேள்வியில்தான் நின்றது. 'இவர் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் எதை இழப்பார்கள்?'

அதைக் காலியாக விட்டுவிட்டு அனுப்பிவிட்டேன்.

"இன்னும் கெளம்பலையா மிசஸ் டி?" என்று உள்ளே வந்தாள் காரின் ரிம்மர்.

காரின் என் வகுப்பு உதவியாளர். நாற்பத்திரண்டு வயது, இடுப்பில் சாவிக்கொத்து, எப்போதும் ஏதோ ஒரு பையில் பாதி தின்ற பிஸ்கட். த்ரெல்ஃபால் என்ற என் குடும்பப் பெயர் அவள் வாயில் முழுதாக நுழைந்ததே இல்லை, அதன் முதல் ஆங்கில எழுத்தோடு சரி. அவள் ஜென்சனுக்காக வந்தவள். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு இத்தனை மணி நேரம் ஆள் துணை வேண்டும் என்று எழுதித் தருவார்கள், அந்த எழுத்தை வைத்துத்தான் அவளுக்கு வேலை. ஜென்சனுக்கு ஈஸ்டருக்குப் பிறகு சிறப்புப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. அவன் போனால் அவளும் போக வேண்டியதுதான். ஏப்ரல் நான்கு அவளுக்குக் கடைசி நாள். இது ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். 'அடடா' என்றேன், அவ்வளவுதான்.

"உங்களுக்கு விருதாமே? கேரத் ஊருக்கே சொல்லிட்டாரு. கலக்குங்க. ஃபோட்டோ எடுக்க வந்தா அந்தக் காப்பிக்கலர் கார்டிகன மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்க கண்ணு, பொணத்துக்குப் போட்டு விட்ட மாதிரி இருக்கு."

"கெடச்சாதான ஃபோட்டோ."

"கெடைக்காம? காஸ்பர் விஷயம் ஒண்ணு போதாது? வாயே தொறக்காத பையன், இன்னைக்கு வாய மூட மாட்டேங்குறான். காலைல என்கிட்ட, 'மிஸ், உங்க மூக்குல முடி இருக்கு'ங்குறான்."

நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டே பேசினாள். ஈஸ்டருக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்டேன்.

"சூப்பர்மார்க்கெட்ல அப்ளிகேஷன் போட்டிருக்கேன். ராத்திரி ஷிஃப்ட், அலமாரி அடுக்குற வேலை. டின்னுங்க ஓடிப் போகாதுல்ல, அது ஒரு நிம்மதி." கடைசி நாற்காலியைக் கவிழ்த்துவிட்டு அதன் காலைப் பிடித்தபடி நின்றாள். "காஸ்பர்கிட்டதான் இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா மறுபடி வாய மூடிக்குவானோன்னு ஒரு பயம்."

நான் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை காலை நான் எழுதியது திரும்பி வந்தது. ஓரமெல்லாம் கேரத்தின் சிவப்பு எழுத்து. 'எண்கள் சூப்பர்!' என்று ஒரு இடம். மற்ற எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. 'பொறுமையான அணுகுமுறை என்றால் என்ன? அவர் என்ன செய்தார்? எங்கே உட்கார்ந்தார்? என்ன சொன்னார்? நடுவர்கள் குறிப்பாக எதிர்பார்ப்பார்கள்!' அவர் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைகளின் கட்டுரைகளில் நானும் இதையேதான் எழுதுவேன்.

காஸ்பர் முதன்முதலில் பேசிய நாளை நினைத்துப் பார்த்தேன். நவம்பர், வெளியே மழை, பிள்ளைகள் இடைவேளைக்கு உள்ளேயே இருந்தார்கள். நான் மேசையில் வருகைப்பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அறையின் அந்தக் கோடியில் ஏதோ சலசலப்பு, யாரோ கைதட்டினார்கள். காஸ்பர் பேசிட்டான் என்றார்கள். 'ரொம்ப நல்லது காஸ்பர்' என்று சொல்லி ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். எங்கே உட்கார்ந்தேன் என்றால், மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிவத்தில் எழுத முடியாது. அதனால் கேரத்திடம் போய், பிள்ளைகளையே கேட்டுவிடலாம், ஆதாரத்துக்கு அவர்கள் சொன்னதும் வேண்டுமல்லவா என்றேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. நான் கேட்டால் பிள்ளைகள் எனக்குப் பிடித்ததைச் சொல்வார்கள் என்று, அலுவலகத்தில் இருக்கும் வின் கார்ட்மெல்லிடம் அந்த வேலையை விட்டார். வின் முப்பது வருடமாக இந்தப் பள்ளியின் தொலைபேசியை எடுப்பவள், ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டாள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, வியாழக்கிழமை மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாள். வகுப்பில் உனக்கு யார் ரொம்ப உதவி செய்தார்கள், எப்படி?

பிற்பகல் மூன்று தாள்களை என் கையில் கொடுத்தாள்.

"படிச்சுப் பாரு ஹேசல். நான் சும்மா சொன்னத சொன்ன மாதிரியே எழுதிட்டேன். டார்சி சொன்னதுக்கு எனக்குச் சிரிப்பு தாங்கல."

அவள் முகத்தில் வேறெதுவும் இல்லை. இருந்திருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

மாணவர் அ: "மிஸ் என் பக்கத்துல வந்து உக்காருவாங்க. எல்லாரும் பேசு பேசுன்னு சொல்வாங்க, மிஸ் மட்டும் சொல்ல மாட்டாங்க. அவங்களும் பேச மாட்டாங்க. ரெண்டு பேரும் சும்மா உக்காந்து படம் வரைவோம். ரொம்ப நாள். அப்புறம் மிஸ் நாய் வரைஞ்சாங்க, அது பன்னி மாதிரி இருந்துச்சு. அதான் சொன்னேன், அது நாய் இல்லன்னு."

மாணவர் ஆ: "மிஸ் வெரல வச்சு வச்சுத்தான் வாசிப்பாங்க. நெறைய தப்பு வரும். சின்ன வயசுல அவங்களுக்கும் எழுத்தெல்லாம் குதிக்குமாம். நான்தான் திருத்துவேன். மிஸ்ஸுக்கு இப்போ பரவால்ல."

மாணவர் இ: "எனக்கு ஓடணும்னா மிஸ் சரி வா ஓடலாம்பாங்க. கூட ஓடி வருவாங்க. ஆனா அவங்களுக்கு மூச்சு வாங்கும். அதனால நான் நின்னுருவேன். இப்போ அவங்க பாவம்னு ஓடுறதில்ல."

மூன்று தாளையும் இரண்டு முறை படித்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு குழந்தையோடு ஓடியதில்லை. எனக்கு நாய் நன்றாக வரைய வரும். வாசிப்பில் தப்பே வராது.

எங்கள் பள்ளியில் பெண்கள் எல்லோரும் மிஸ்தான். கல்யாணமானவள், ஆகாதவள், ஆசிரியை, உதவியாளர், சாப்பாடு போடுபவள், ஒரு முறை வந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போகும் பல்மருத்துவர் வரை எல்லோருக்கும் அதே பெயர். யாரோ ஒரு குழந்தை 'மிஸ்' என்று கத்தினால் நான்கு தலை திரும்பும். அதனால் படிக்கிற யாருக்கும் இது என்னைப் பற்றியதாகத்தான் தோன்றும். கேரத்துக்கு அப்படித்தான் தோன்றியது. நான் படித்து முடிப்பதற்குள் அவர் தன் பிரதியைப் படித்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஹேசல்! தங்கம்! தங்கம்ங்க இது! அந்தப் பன்னி ஒண்ணு போதும். நீங்க கூட ஓடுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதே!"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நேர்மை, நேர்மையின்மை என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் மனதில் ஓடவில்லை. மறுத்துப் பேசச் சோம்பலாக இருந்தது, அவ்வளவே. நாளை மதியம் அவர் படிவத்தை அனுப்புவார், நாளை மாலை நான் கடிதத்தைக் கொடுப்பேன், அதற்கப்புறம் யார் ஓடினால் எனக்கென்ன.

ஆனால் மணி அடித்துப் பிள்ளைகள் கோட்டு மாட்டும்போது காஸ்பரைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளும் ஆசிரியப் புத்தியாக இருக்கலாம்.

"காஸ்பர், மிசஸ் கார்ட்மெல்கிட்ட மிஸ்ஸப் பத்திச் சொன்னியே, எந்த மிஸ்?"

"மிஸ்."

"அதான், எந்த மிஸ்? நானா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒரு காலணி மட்டும் போட்டிருந்தான். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பரிதாபம் அந்த முகத்தில் இருந்தது.

"நீங்க மிசஸ் த்ரெல்ஃபால்," என்றான். பெயரைத் தப்பில்லாமல் சொன்னான். "மிஸ்னா மிஸ்." மைதானத்தில் ஜென்சனின் கோட்டு ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காரினைக் கையால் காட்டினான்.

பிறகு கேட்டான், "மிஸ் போயிடுவாங்களா?"

"யாரு சொன்னா?"

"ஜென்சன். அவன் போறான்னா மிஸ்ஸும் போவாங்களாம்."

நான் அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்தேன். அவன் காத்திருந்தான். பேசாமல் காத்திருப்பதில் அவன் கெட்டிக்காரன். பிறகு குனிந்து மற்றொரு காலணியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். டிராமில் என் நிறுத்தம் வந்ததைக் கவனிக்காமல் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே கேரத்தின் அறைக்குப் போனேன்.

"இந்த மூணும் காரின். நான் இல்ல," என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"மூணுமா?"

"மூணும். பிள்ளைங்க என்னைய மிஸ்ஸுன்னே சொல்றதில்ல. நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. உதவிப் பணியாளருக்குன்னு தனிப் பிரிவு இருக்குல்ல, அதுல அவ பேரப் போடுங்க."

"முடியாதுங்க ஹேசல்." கணினியைத் திருப்பி விதியைக் காட்டினார். "ஜூன்ல நடுவர்கள் நேர்ல வருவாங்க. அன்னைக்கு அந்த ஆளு இந்தப் பள்ளிக்கூடத்துல வேலையில இருந்தாகணும். காரினுக்கு ஏப்ரல் நாலோட முடியுது. பேர் குடுத்தா மொதல் பார்வைலயே தள்ளிருவாங்க." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, உங்க வகுப்புல நடந்ததுதான? உங்க மேற்பார்வைலதான நடந்துச்சு? மிஸ்ஸுன்னுதான எழுதியிருக்கு. நாம ஒண்ணும் பொய் சொல்லல."

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை வருடாவருடம் குறைகிறது, அடுத்த தெருப் பள்ளியோடு எங்களைச் சேர்த்துவிடுவார்களோ என்று பயந்து கிடக்கிற மனிதர். வாசலில் தொங்கவிட ஒரு பதாகை கிடைத்தால் போதும் அவருக்கு.

"வேலைய ஜூலை வரைக்கும் நீட்டுங்க," என்றேன்.

"ஜென்சன் போயிட்டா எந்தக் கணக்குல நீட்டுறது? நிர்வாகக் குழு கேக்கும்ல."

"காஸ்பருக்குன்னு நீட்டுங்க. டார்சிக்குன்னு நீட்டுங்க. ஆதாரம் மூணு தாள் உங்க மேசைலயே இருக்கு. தங்கம்னு நீங்கதான சொன்னீங்க?"

"கேட்டுப் பாக்கலாம். ஆனா இன்னைக்கு மதியத்துக்குள்ள முடியுற காரியமா இது? இந்த வருஷம் உங்க பேரு போகட்டும். கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

பரிந்துரைக்கப்படுபவர் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டம் காலியாக என் முன்னால் இருந்தது. நான் கைப்பையைத் திறந்தேன். பேனாவைத் தேடுகிறேன் என்று நினைத்தார். டிஷ்யூ பொட்டலத்துக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என்ன இது?"

"ஈஸ்டரோட நான் போறேன்னு எழுதியிருக்கு. இன்னைக்குக் கடைசி நாள். உங்க கையில குடுத்தா குடுத்ததுதான்."

கண்ணாடி மறைத்த வெளுப்பு தவிர மற்ற முகமும் வெளுத்தது. ஏப்ரல் மாதம் கல்வியாண்டின் நடுவில் ஒரு ஆசிரியரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஊரில் எல்லாத் தலைமையாசிரியருக்கும் தெரியும். ஒரே நாளில் வகுப்பிலிருந்து ஆசிரியரும் உதவியாளரும் போனால் என்ன ஆகும் என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

"ஹேசல், உங்களுக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சனையே." இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "நான் ஆகஸ்ட் வரைக்கும் இருக்கேன். இந்த உறையத் திரும்பப் பைக்குள்ள போட்டுக்குறேன். நீங்க அவளுக்கு ஜூலை வரைக்கும்னு எழுத்துல குடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள. அவகிட்ட இதப் பத்தி மூச்சு விடக்கூடாது."

அவர் தொலைபேசியை எடுத்தார். நான் வகுப்புக்குப் போனேன், பெருக்கல் வாய்ப்பாடு நடத்தினேன். ஏழாம் வாய்ப்பாடு. பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு மின்னஞ்சல் வந்தது. நிர்வாகக் குழுத் தலைவரும் ஒப்புக்கொண்டிருந்தார். படித்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் ஐந்து மாதம் இதே கதவு, இதே மணி, இதே நட்சத்திரம் என்றுதான் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் வருத்தப்பட்டேன், கொடுத்திருக்கலாமே என்று.

காரினை வகுப்பில் விட்டுவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினேன். 'பொறுமையான அணுகுமுறை' எல்லாவற்றையும் அழித்தேன். பன்றி மாதிரி இருந்த நாயை எழுதினேன். விரல் வைத்து வாசிப்பதை எழுதினேன், மூச்சு வாங்க ஓடுவதை எழுதினேன். எண்கள் அப்படியே இருந்தன, எண்களுக்கு யார் பெயரானாலும் ஒன்றுதான். கடைசிக் கேள்விக்கு வந்தேன். 'இவர் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் எதை இழப்பார்கள்?' யோசிக்கவே இல்லை. 'மாணவர் அ மறுபடி பேச்சை நிறுத்திவிடுவானோ என்று இவர் பயப்படுகிறார். நான் அவனோடு ஒரு வருடத்துக்கு மேல் ஒரே அறையில் இருந்தும் எனக்கு அந்தப் பயம் வந்ததில்லை. தங்களுக்காகப் பயப்படும் அந்த ஒருவரைத்தான் இழப்பார்கள்.' 'பரிந்துரைப்பவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

பதினொன்று நாற்பதுக்கு, பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காரின் வந்தாள்.

"கூப்டீங்களாமே? சாட்சிக் கையெழுத்தா?" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளில் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தாள், உதடு அசைந்தது. பன்றி இடத்தில் களுக்கென்று சிரித்தாள். "அட, நீங்களும் நாய் வரைஞ்சீங்களா? நானும்தான் ஒரு தடவ... அவன் சொன்னானா இத?" இன்னும் ஒரு வரி போனாள். விரல் நின்றது. திரும்ப மேலே போய்த் தலைப்பில் தன் பெயரைக் கண்டுபிடித்தாள். காரின் மார்கரெட் ரிம்மர். அதை இரண்டு முறை வாசித்தாள்.

"தப்பா அடிச்சிருக்கீங்க மிசஸ் டி."

"தப்பு இல்ல. கையெழுத்துப் போடு, நேரம் ஆச்சு. உன் வேலைய ஜூலை வரைக்கும் நீட்டிட்டாங்க, அதுவும் வந்துடுச்சு."

"ஜூலையா? யாரு... எப்படி?"

"எனக்கென்ன தெரியும், கேரத்தக் கேளு."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஸ்வெட்டர் கையால் துடைத்தாள், பிஸ்கட் தூள் கன்னத்தில் ஒட்டியது.

"இவ்வளவு நாளா இதெல்லாம் பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களா? நீங்க கவனிக்கிறதே இல்லன்னு நெனச்சேன். மனசுக்குள்ள உங்களத் திட்டியிருக்கேன், தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும், எனக்கும் சுலபம். ஆனால் அன்று ஒரு நாளில் அந்த ஒன்றையாவது சரியாகச் செய்ய வேண்டும் போலிருந்தது.

"பாக்கல காரின். ஒண்ணைக்கூடப் பாக்கல. பிள்ளைங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ திட்டினது சரிதான்."

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு நன்றி. பேசவும் இல்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். காஸ்பருக்கு இப்படித்தான் இருந்திருக்கும் போல என்று நினைத்தேன். பிறகு கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கேரத் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை என்பதால் மதியம் மீனும் சிப்ஸும். சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எல்லோர்மீதும் வினிகர் வாசனை. வருகைப்பதிவு எடுத்தேன். காரின் பெயிண்ட் அலமாரிக்குப் பக்கத்தில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். நான் காஸ்பரிடம் போய்க் குனிந்தேன். முட்டி வலித்தது.

"நேத்து நீ ஒண்ணு கேட்டியே. மிஸ் போகல. ஜூலை வரைக்கும் இருப்பாங்க."

அவன் தலையாட்டினான். அதற்கு மேல் என்னிடம் அவனுக்கு வேலை இல்லை. நான் நிமிர்ந்து கரும்பலகைப் பக்கம் நடந்தேன்.

"மிஸ்!" என்று பின்னாலிருந்து அவன் கத்தினான், வகுப்பே அதிர.

என்னையல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பினேன்.